இளிவரலும் பெருமிதமும்: மறதிநோயுற்ற துணையைக் கதையில் எழுதுவது பற்றி

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனைக்கு ஒரு பெண் கொண்டுவரப்பட்டார். பெயர் அகஸ்டே. வயது 51. மறுநாள் அவரைச் சோதித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதி வைத்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். அகஸ்டே என்றார். கணவர் பெயர் என்ன என்று கேட்டார். அதற்கும் அகஸ்டே என்றே பதில் வந்தது. மதியச் சாப்பாட்டுத் தட்டில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் இருந்தன. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, கீரை என்றார்.

இன்று உலகம் முழுக்க அல்சைமர் நோய் என்று அழைக்கப்படுவதற்கு முதல் சாட்சி இந்தப் பெண்மணிதான். அல்சைமர் 1907இல் வெளியிட்ட குறிப்பில் நோயின் முதல் அறிகுறியாகச் சொல்வது மறதியை அன்று. கணவன்மீது வந்த சந்தேகத்தைச் சொல்கிறார். நோய்க் குறிப்பின் முதல் வரியிலேயே ஒரு தாம்பத்தியம் இருக்கிறது. அதன்பிறகு குறிப்பு மூளைக்குள் போய்விடுகிறது, கணவரைக் காணோம். மனைவி தன்னைச் சந்தேகப்பட்ட அந்த மாதங்களில் அந்த மனிதர் எப்படிச் சமைத்தார், எப்படித் தூங்கினார் என்பதற்குப் பதிவு இல்லை. மருத்துவம் விட்டுச்சென்ற அந்த இடம் கதை எழுதுகிறவருக்கு உரியது. அதை எப்படி எழுதலாம், எங்கே தவறுகிறோம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம்மிடம் இந்த மறதிக்குச் சொல் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். இங்கே, புத்தி தடுமாறிப் போச்சு, வயசானா அப்படித்தான் என்பார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு ஏழு பேருக்குச் சற்று மேல் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது; ஏறத்தாழ 88 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பலரைப் பார்த்துக்கொள்வது கணவனோ மனைவியோதான். அவர்களுக்கும் வயது 70, 75.

இந்த வீடுகளைக் கதையாக்கும்போது நாம் அதிகம் போகிற பாதை ஒன்று உண்டு. 1996இல் வந்த நிக்கோலஸ் ஸ்பார்க்ஸின் ‘தி நோட்புக்’ நாவல் அதற்கு உலகறிந்த உதாரணம். முதிய கணவர் தங்கள் காதல் கதையை ஒரு குறிப்பேட்டிலிருந்து தினமும் வாசிக்கிறார். மறந்துபோன மனைவி சில கணங்கள் திரும்பி வந்து அவரை அடையாளம் கண்டுகொள்கிறாள். படிக்கும்போது கண்ணீர் வரும், எனக்கும் வந்தது. அப்படிப்பட்ட தெளிந்த கணங்கள் இந்த நோயில் வருவதும் உண்மை. ஆனால் அந்தக் கணத்தை அன்புக்குக் கிடைத்த கூலியாகக் கதை வைத்துவிடுகிறது. மூன்று வருடம் ஊட்டிவிட்டும் மனைவி ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைக்காத கணவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? தன் அன்பு போதவில்லை என்றுதானே. மூளையின் அணுக்கள் அழிவதற்கும் ஒருவர் வைத்த அன்பின் அளவுக்கும் தொடர்பு கிடையாது. அது உண்டு என்று மறைமுகமாகச் சொல்கிற கதை பார்த்துக்கொள்கிறவருக்குத் தீங்கு செய்கிறது.

மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’ (2015) இன்னும் நுட்பமானது. பிரகாஷ்ராஜின் கணபதியும் லீலா சாம்சனின் பவானியும் நம் திரையில் அரிதான ஜோடி. பவானி கர்நாடக இசைப் பாடகி என்பதால், நினைவு மங்கிய பிறகும் அவருக்கென்று ஒரு மேன்மை இருக்கிறது. ஆனால் அந்த முதியவர்கள் இருப்பது இளம் ஜோடிக்கு ஒரு பாடமாக. பவானிக்கு என்ன வேண்டும் என்று படம் நின்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன்.

இதை யோசிக்க எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று இளிவரல். இழிவு, கூச்சம், அருவருப்பு எல்லாம் கலந்த உணர்வு அது. அது எவற்றால் பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மறதிநோய் வந்த வீட்டில் நான்கும் ஒரே அறையில் இருக்கின்றன. இது தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என்பது உரையாசிரியர் விளக்கம். படுக்கையை நனைத்துவிட்ட மனைவிக்கும் இளிவரல், துணியை மாற்றுகிற கணவனுக்கும் இளிவரல். அதைக் கதையில் மறைக்கக் கூடாது. மறைத்தால் பொய்யாகிவிடும்.

ஆனால் அதே இயலில் பெருமிதம் என்ற மெய்ப்பாடும் உண்டு. அது கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கால் பிறப்பது. கண்ணியமாக எழுதுவது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: எந்தக் காட்சியில் நோயாளிக்கு இளிவரல் நேர்கிறதோ, அந்தக் காட்சிக்குள்ளேயே அவருடைய பெருமிதத்துக்கும் இடம் இருக்க வேண்டும். வேறொரு அத்தியாயத்தில், பழைய புகைப்படத்தில், ‘அந்தக் காலத்தில் இவள் எப்படி இருந்தாள் தெரியுமா’ என்று வைத்தால் போதாது.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். என் பெரியப்பா மன்னார்குடியில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயதில் மறதி தொடங்கியது. முதலில் அடுப்பில் பால் வைத்தது மறந்தது. பிறகு மாத்திரை போட்டோமா என்பது. பிறகு ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது. இந்த நோயில் புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை பிந்திப் போகும். அதனால் பெரியம்மா வருடக்கணக்கில் பின்னோக்கி நடந்தார் என்று சொல்லலாம். ஒரு கட்டத்தில் அவர் முப்பது வயதுப் பெண். அவருடைய கணவருக்கு முப்பத்தைந்து வயது, கறுத்த மீசை, சைக்கிளில் ஆபீஸ் போய்த் திரும்புகிறவர். வீட்டில் இருக்கிற இந்த நரைத்த மனிதர் யார் என்பது அவருக்குப் புரியவில்லை.

ஒருநாள் பெரியப்பா அவரைக் குளிப்பாட்டக் கூட்டிப்போனார். புடவையில் கை வைத்ததும் பெரியம்மா இரண்டு கையாலும் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். “ஆம்பளை நீங்க எதுக்கு உள்ள வரீங்க? அவரு வர்ற நேரம். வெளிய போங்க” என்று கத்தினார்.

இதை நான் முதலில் கதையாக எழுதியபோது பெரியப்பாவின் கண்ணீரோடு முடித்தேன். நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்த கணவனை வெளியே போ என்கிறாள், எவ்வளவு பெரிய சோகம் என்று. கதை அச்சாகவும் செய்தது. பல நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்தக் காட்சியில் நான் பெரியம்மாவைப் பார்க்கவே இல்லை என்பது. அந்நியன் ஒருவன் தன் புடவையைத் தொடுகிறான் என்று நம்புகிற பெண், தப்பிக்க வழியில்லாத குளியலறையில் நின்றுகொண்டு எதிர்க்கிறாள். அது தறுகண். யாருக்காக எதிர்க்கிறாள்? தன் கணவருக்காக. வெளியே போ என்றது அவரைத்தான்; காத்துக்கொண்டதும் அவருக்காகத்தான். சோகம் என்று நான் எழுதிய அதே நொடியில் அவருடைய தாம்பத்தியம் முழு உயிரோடு இருந்தது. பெருமிதம் காட்சிக்குள்ளேயே இருந்தது, எழுதியவர் கண்ணில் படவில்லை.

பெரியப்பா எனக்கு முன்பே அதைப் புரிந்துகொண்டிருந்தார். “தப்புதாம்மா, தெரியாம வந்துட்டேன்” என்று சொல்லி வெளியே வந்தார். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அந்த அக்கா உள்ளே போக, பெரியம்மா அமைதியானார். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து துண்டை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனைவி தன்னை மறந்த அந்த நேரத்திலும் அவளுடைய கூச்சத்தை மதித்து வெளியே வந்தாரே, அன்பை எழுத வேண்டிய இடம் அது.

இங்கே கைக்கிளை பற்றி ஒரு வார்த்தை. தான் சொல்லும் சொல்லுக்கு எதிர்ச்சொல் வராத இடத்தில், தானே பேசித் தானே மகிழ்கிற ஒருதலை அன்பை இலக்கணம் கைக்கிளை என்றது. மறதிநோயாளியைப் பார்த்துக்கொள்ளும் துணையின் அன்பைப் பெரும்பாலான கதைகள் கைக்கிளையாகத்தான் எழுதுகின்றன: ஒரு பக்கம் தியாகம், மறுபக்கம் வெறுமை. குளியலறைச் சம்பவத்துக்குப் பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. எதிர்ச்சொல் வருகிறது. நாம் எதிர்பார்த்த முகவரிக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

இதையே ஆகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. கனடிய எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ 1999இல் வெளியிட்ட ‘தி பேர் கேம் ஓவர் தி மவுண்டன்’. 2006இல் சாரா பாலி இதை ‘அவே ஃப்ரம் ஹெர்’ என்று படமாக்கினார். ஓய்வுபெற்ற பேராசிரியர் கிரான்ட், மனைவி ஃபியோனா. அவளுக்கு நினைவு மங்குகிறது. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிறார்கள். முதல் 30 நாள் யாரும் பார்க்க வரக் கூடாது என்பது அங்கே விதி. மாதம் முடிந்து கிரான்ட் பூவோடு போகிறான். ஃபியோனா சீட்டாட்ட மேசையில், ஆப்ரி என்ற இன்னொரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கிரான்ட்டிடம் மிக மரியாதையாக, புதிதாக வந்த ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள். அவள் மனம் முழுக்க ஆப்ரியிடம் இருக்கிறது.

இந்தக் கதையில் மன்றோ செய்த முதல் காரியம் நோயாளிக்கு ஆசையைக் கொடுத்தது. ஃபியோனா யாரோ ஒருவரால் பராமரிக்கப்படுகிற உடம்பாக இல்லை. அவளே ஒருவரைப் பராமரிக்கிறாள், அவருக்காகக் கவலைப்படுகிறாள். இரண்டாவது, கணவனை மகானாக்கவில்லை. கிரான்ட் இளமையில் மனைவிக்குத் துரோகம் செய்தவன். ஃபியோனா தன்னிடம் நடிக்கிறாளோ என்றுகூட ஓரிடத்தில் நினைக்கிறான். மூன்றாவதுதான் கதையின் உச்சம். ஆப்ரியை அவன் மனைவி மேரியன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறாள். ஃபியோனா ஏங்கித் தளர்கிறாள். கிரான்ட் மேரியனின் வீட்டுக் கதவைத் தட்டி, ஆப்ரியை மறுபடி ஃபியோனாவிடம் அழைத்துவரக் கேட்கிறான். தன்னை மறந்து வேறொருவரை விரும்பும் மனைவிக்கு, அந்த வேறொருவரையே கொண்டுவந்து சேர்க்கப் போகிறான். கடைசிப் பக்கத்தில் ஆப்ரியோடு அவன் வரும்போது ஃபியோனாவுக்கு அந்தப் பெயர் நினைவில்லை. அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிவது கிரான்ட்தான். பார்ப்பதற்கு ‘தி நோட்புக்’ முடிவுபோலத் தோன்றும். ஆனால் இங்கே அது கூலியாக வரவில்லை. கிரான்ட் கேட்டது அவளுக்கு வேண்டியதை. நாளைக்கு அவள் மறுபடி மறந்துவிடலாம் என்பது கதைக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நம் எழுத்தாளர்கள் பலர் இந்தத் துணிச்சலுக்குத் தயங்குவார்கள். குடும்பப் பெண்ணுக்கு அப்படி ஓர் ஆசையா என்பார்கள். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அந்த ஆசையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், அவளுக்கு மிச்சம் இருப்பது இளிவரல் மட்டும்தான்.

பார்த்துக்கொள்கிறவரின் பக்கமும் உண்மை வேண்டும். பெரியப்பா ஒருநாள் என்னிடம் சொன்னார்: “ராத்திரி மூணு மணிக்குக் கதவைத் திறக்கப் போனா. கையைப் பிடிச்சு முறுக்கிட்டேன். காலைல அவளுக்கு ஞாபகமே இல்ல. ஆனா நான் காப்பி கொண்டுபோனா கையைப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.” இதை அவர் சொன்னது பெரியம்மா இறந்து ஆறு வருடம் கழித்து. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அந்தக் கை ஒளிந்ததை விளக்குகிறது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக் காட்சிகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. அது தந்த சோகமும் மகிழ்ச்சியும் மறையவில்லை. சம்பவம் போய்விடும், அதன் சுவை நாக்கில் நிற்கும். ‘எப்படியும் மறந்துடப் போறா’ என்று ஒரு பாத்திரம் சொன்னால், எழுதுகிறவர் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. பின்னால் ஒளிந்துகொண்ட அந்தக் கையையும் எழுத வேண்டும். அந்தக் கோபத்தையும் அதன் வெட்கத்தையும் விட்டுவிட்டு வெறும் பொறுமைசாலியாக ஒரு கணவனைப் படைத்தால், இரவு மூன்று மணிக்கு விழித்திருக்கிற வாசகர் தனியாகிவிடுவார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கருவி வாய்த்திருக்கிறது, பெரிதாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. நம் வினைமுற்றின் ஈறும் விளியும் உறவைச் சொல்லிவிடும். “வாங்க”, “வாப்பா”, “வந்தியாடா”, “வாண்ணே”. பெரியம்மா கணவரை வாழ்நாள் முழுக்க “என்னங்க” என்றே கூப்பிட்டவர். ஒரு மாலை “எப்ப வந்தேண்ணே?” என்று கேட்டார். அந்த ஒரு சொல்லில் பெரியப்பா அவருடைய அண்ணனாகிவிட்டார். ‘அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதினால் இழப்பு மட்டும்தான் தெரியும். “வந்தேண்ணே” என்று எழுதினால் வந்தவர் சொந்தம், நம்பிக்கைக்குரியவர் என்பதும் சேர்ந்து தெரியும். எதிர்ப்பக்கமும் இதே கருவியால் பிடிபடும். வீட்டார் எப்போது “சாப்பிடுறியா” என்பதை விட்டு “ஆ காட்டு” என்கிறார்கள்? எப்போது அவர் எதிரிலேயே “இவளுக்கு ஒண்ணும் புரியாது” என்று படர்க்கையில் பேசத் தொடங்குகிறார்கள்? பிரிட்டனின் டாம் கிட்வுட் 1997இல் எழுதிய ‘டிமென்ஷியா ரீகன்சிடர்டு’ நூலில், நோயாளியைச் சிறுமைப்படுத்தும் நடத்தைகளை வரிசைப்படுத்தினார்; குழந்தையாக நடத்துவது, ஆள் இல்லாததுபோலப் பேசுவது, அவரால் தொடர முடியாத வேகத்தில் காரியம் செய்வது எல்லாம் அதில் உண்டு. நீங்கள் எழுதிய உரையாடலை எடுத்து இவற்றைத் தேடிப் பாருங்கள். பாத்திரங்கள் அப்படிப் பேசலாம், வாழ்க்கையில் பேசுகிறார்கள். கதைசொல்லியும் அதே குரலில் பேசினால்தான் கெட்டது.

சொந்த வீட்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஐரிஸ் மர்டாக்கின் கணவர் ஜான் பெய்லி, மனைவியின் அல்சைமர் நாள்களைப் பற்றி 1998இல் ஒரு நூல் வெளியிட்டார். மர்டாக் அப்போது உயிரோடு இருந்தார். 1999 பிப்ரவரியில்தான் இறந்தார். 26 நாவல் எழுதியவர் தன்னைப் பற்றிய நூலுக்குச் சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாத நிலையில் இருந்தார். அந்த நூலில் அன்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் அதன் சில பக்கங்களை ஒரு மூடிய கதவின் சாவித் துவாரம் வழியாகப் படிப்பதுபோலத்தான் என்னால் படிக்க முடிந்தது. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று நம் இலக்கணம் விதித்ததன் அருமை அப்போது புரிந்தது. பெயரை எடுத்துவிடுங்கள், ஊரை மாற்றுங்கள், புனைகதையின் திரையைப் போடுங்கள். அதற்குப் பிறகும், நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு செய்த காரியம் எதுவோ, அதை எழுதுமுன் ஒரு நாள் காத்திருங்கள். என் குளியலறைக் காட்சியை நான் மாற்றி எழுதியபோது, கதைசொல்லியையும் பெரியப்பாவோடு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தமும் எதிர்வீட்டு அக்காவின் பேச்சும் மட்டும் கேட்கும். காட்சி அதனால் குறைந்துபோகவில்லை.

இந்த அரங்கில் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள், எழுதாதவர்களும் இருக்கிறீர்கள். இருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போகும்போது நம் எல்லோர் வாயிலும் முதலில் வருவது “என்னைத் தெரியுதா?” என்ற கேள்வி. பெரியம்மாவிடம் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்பார், விடை அங்கே எழுதியிருப்பதுபோல. தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். உங்கள் கதையின் உச்சக்காட்சியாகவும் அதை வைக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பார்த்துக்கொள்கிறவரை ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கச் சொல்லுங்கள்.